கோ நாலு என்றால் எது?

கோயம்புத்தூருக்கு ஒரு பழக்கம் உண்டு. இங்கே பிறந்த பயிருக்கெல்லாம் தன் பெயரின் முதல் எழுத்தை வைத்து அனுப்பிவிடும். 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் ரகங்கள் ‘கோ’ என்றே தொடங்குகின்றன. தமிழ்நாட்டு ஆலைக் கரும்பில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த கோ 86032 அந்த வரிசையில் வந்தது. அதே ஊரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல், பயறு, காய்கறி, பழம், தீவனம் எல்லாமும் ‘கோ’தான். ஆடுதுறையில் பிறந்தால் ஏடிடி, பவானிசாகரில் பிறந்தால் பிஎஸ்ஆர், கோவையில் பிறந்தால் கோ. பிறகு வெளியிட்ட வரிசைப்படி ஓர் எண்.

எண் ஒவ்வொரு பயிருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குவதால் கோ 4 என்று ஒரு பப்பாளி இருக்கிறது, கோ 4 என்று ஒரு சின்ன வெங்காயம் இருக்கிறது. கொங்குப் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் ‘கோ நாலு’ என்றால் இரண்டையும் நினைக்கமாட்டார். அவருக்கு அது புல். கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டி உருவாக்கி 2008இல் வெளியிட்ட தீவனப்புல். ஆவணத்தில் அதன் பெயர் `CO (CN) 4`. அடைப்புக்குள் இருப்பது கம்பு நேப்பியரின் சுருக்கம். பயிரோடு பயிர் குழம்பாமல் இருக்க நிறுவனமே போட்ட வேலி. அதற்கு அடுத்து வந்த புல்லின் பெயர் `CO (BN) 5`. இடையில் ஆவணத்தில் கம்புக்கு எழுதும் பெயர் மாறிவிட்டதால் அடைப்பும் மாறிவிட்டது. காட்டில் வேலை செய்பவர் எவரும் இந்த அடைப்பை வாயால் சொல்வதில்லை. கோ நாலு, கோ அஞ்சு, அவ்வளவுதான்.

இந்த மூன்று எழுத்துக்குள் இருக்கும் சிக்கலைப் பார்க்க ஒரு நல்ல இடம், வேளாண் தகவல் தரும் எந்த இணையதளத்திலும் மேலே வலது மூலையில் இருக்கும் தேடல் பெட்டியின் பதிவேடு. யார் என்ன தட்டினார்கள், அடுத்து என்ன செய்தார்கள் என்பதைச் சர்வர் எழுதி வைத்திருக்கும். பெரும்பாலான தளங்களில் அதை யாரும் பிரிப்பதில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைப் பார்ப்பார்கள். வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைப் பார்க்கமாட்டார்கள்.

பிரித்துப் பார்த்தால் முதலில் தெரிவது தமிழ் எழுத்தே இல்லாத ஒரு வரி. வேர்டுபிரஸில் இயங்கும் தளமானால் தேடல் சொல் `s=` என்பதற்குப் பின்னால் நிற்கும். கோ 4 என்று தமிழில் தட்டியவரின் கேள்வி பதிவேட்டில் இப்படி விழும்:

```
"GET /?s=%E0%AE%95%E0%AF%8B+4 HTTP/1.1" 200
```

முதல் மூன்று இரட்டைகள் ‘க’. அடுத்த மூன்று, ஓகாரக் குறி. கூட்டல் குறி இடைவெளி. கடைசியில் இருக்கும் 200, ‘எல்லாம் நலம், பக்கத்தைக் கொடுத்துவிட்டேன்’ என்று சர்வர் சொல்வது. கொடுத்த பக்கத்தில் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தாலும் எண் 200தான். இல்லாத பக்கத்துக்கு வரும் 404ஐத் தேடிப் பிழைகளை அளப்பவர்களின் கண்ணில் இந்தத் தோல்வி படவே படாது. கூகுள் அனலிடிக்ஸ் தேடிய சொல்லை `search_term` என்று குறித்து வைக்கும், ஆனால் எத்தனை முடிவு வந்தது என்பதைத் தானாகக் குறிக்காது. எனவே முதல் வேலை, ஒவ்வொரு தேடலோடும் முடிவுகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதும்படி தளத்தில் ஒரு சிறு மாற்றம் செய்வது. அது இல்லாமல் மீதி எதுவும் நடக்காது.

இன்னொரு நுணுக்கமும் இந்த வரியில் இருக்கிறது. ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பதிவேட்டில் முதலாவது `%E0%AF%8B`, இரண்டாவது `%E0%AF%87%E0%AE%BE`. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஏற்றிய கட்டுரைகளில் இரண்டாம் வகை இருந்தால், கைப்பேசியில் சரியாகத் தட்டியவருக்கும் அந்தக் கட்டுரை அகப்படாது. கட்டுரையையும் கேள்வியையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு ஒழுங்குபடுத்தல் ஒன்று இருக்கிறது, என்எஃப்சி என்பார்கள். அதைச் செய்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கேள்வி பட்டியலில் இரண்டு இடத்தில் பாதிப் பாதியாக நிற்கும்.

கோ 4 என்ற கேள்வி இரண்டு வெவ்வேறு தளங்களில் என்ன ஆகும் என்று பின்தொடர்ந்து பார்க்கலாம்.

முதல் தளம் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் முழு உரைத் தேடலை நம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயல்பான அமைப்பில் மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல் அட்டவணையில் ஏறாது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது. இரண்டு எழுத்துச் சொற்கள் அங்கே பெரும்பாலும் இட்டு நிரப்பிகள். `CO` இரண்டெழுத்து, விழுந்தது. `4` ஓரெழுத்து, விழுந்தது. தமிழில் தட்டினாலும் ககரம் ஒன்று, குறி ஒன்று என்று இரண்டுதான். கேள்வியில் எதுவுமே மிஞ்சவில்லை, முடிவு பூஜ்யம். `CO 51` என்ற நெல்லுக்கும் இதே கதி. `ADT 43` என்று தேடினால் 43 விழுந்து ஏடிடி மட்டும் தப்பும், ஆடுதுறையில் பிறந்தவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். `Co 86032` மட்டும் ஐந்து இலக்கத்தின் புண்ணியத்தில் சரியாகக் கிடைக்கும். சின்ன வெங்காயத்தில் `CO (On) 5` என்று ஒரு ரகம் உண்டு. அதன் அடைப்பில் இருக்கும் `on`, தேடல் பொறி ஒதுக்கிவைக்கும் சொற்பட்டியலிலும் இருக்கிறது. நீளக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினாலும் அது மறுபடி அடிபடும்.

தமிழில் இந்த மூன்றெழுத்துக் கட்டுப்பாட்டின் சேதம் ரகப் பெயரோடு நிற்பதில்லை. மா என்ற மரம் அதற்கு இல்லை. பூ இல்லை. தை மாதம் இல்லை. வெள்ளை ஈ என்று தேடினால் ஈ பறந்துபோய் வெள்ளை மட்டும் மிஞ்சும். இதைச் சரிசெய்யக் கட்டமைப்புக் கோப்பில் இரண்டு வரி போதும்:

```
innodb_ft_min_token_size = 1
innodb_ft_enable_stopword = OFF
```

எழுதிய பிறகு தரவுத்தளத்தை நிறுத்தித் தொடங்க வேண்டும், அட்டவணையை முழுவதும் புதிதாகக் கட்ட வேண்டும். அட்டவணையைக் கட்டாமல் விட்டுவிட்டு ‘மாற்றியும் பயனில்லை’ என்று கைவிடுவது வழக்கமாக நடப்பது.

இரண்டாவது தளம் வேர்டுபிரஸின் சொந்தத் தேடலில் ஓடுகிறது. இது எதிர்த் திசையில் தவறும். தட்டிய ஒவ்வொரு துண்டும் கட்டுரையில் எங்காவது, எந்தச் சொல்லுக்குள்ளாவது இருந்தால் போதும் என்பது அதன் விதி. ‘கோ’ கோழிக்குள் இருக்கிறது, கோதுமைக்குள் இருக்கிறது, கோடை உழவுக்குள் இருக்கிறது. கோவையிலிருந்து எழுதும் தளத்தில் கோவை என்ற ஊர்ப்பெயர் இல்லாத கட்டுரையே அரிது. 4 என்ற எண்ணும் ஏதாவதொரு தேதியிலோ அளவிலோ இருந்தே தீரும். ஆகவே கோ 4 என்றால் பாதித் தளம் வந்து குவியும். தலைப்பில் அந்தத் தொடர் அப்படியே இருக்கும் கட்டுரைக்கு அது முன்னுரிமை கொடுக்கும். ‘பப்பாளி கோ 4’ என்ற தலைப்பில் அப்படியே இருக்கிறது. ‘கம்பு நேப்பியர் கோ (சிஎன்) 4’ என்ற தலைப்பில் இல்லை, நடுவில் அடைப்பு குறுக்கிடுகிறது. புல் தேடியவருக்கு முதலில் பப்பாளி.

ஒரே கேள்வி முதல் தளத்தில் பூஜ்யம், இரண்டாவதில் குவியல். ‘முடிவே கிடைக்காத தேடல்கள்’ என்ற பட்டியலை மட்டும் எடுத்துப் படிப்பவர் முதல் தளத்தின் குறையைக் கண்டுகொள்வார். இரண்டாவது தளம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவார். உண்மையில் இரண்டாவதுதான் மோசம். காலிப் பக்கத்தைப் பார்த்தவர் இங்கே இல்லை என்று தெரிந்துகொண்டு போய்விடுவார். குவியலைப் பார்த்தவர் அதைக் கிளறி நேரத்தைத் தொலைப்பார்.

எனவே தனித் தேடலைப் படிப்பதைவிட ஒருவர் ஒரே அமர்வில் அடுத்தடுத்துத் தட்டியவற்றைச் சேர்த்துப் படிப்பது பலன் தரும். நிஜ மனிதர் ஒருவருடைய வரிகளை அச்சிடுவது முறையல்ல என்பதால் நானே அமைத்த ஒரு மாதிரி இது:

```
கோ 4
கோ 4 புல்
கோ 4 புல் கரணை
நேப்பியர் கரணை விலை
```

முதல் வரியில் பப்பாளி வந்திருக்கிறது. ஆகவே ‘புல்’ சேர்த்தார். இப்போது சரியான பக்கம் கிடைத்தும் அவர் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தில் இடைவெளி, உரம், அறுவடை நாள், புரதச் சத்து எல்லாம் இருக்கும். அவருக்கு வேண்டியது நடுவதற்கான கரணை. நான்காவது வரிக்கு வரும்போது ரகப் பெயரையே கைவிட்டுவிட்டார், எந்த நேப்பியரானாலும் சரி என்ற நிலைக்கு இறங்கிவிட்டார். தனித்தனியாக எண்ணினால் இவை நான்கு தேடல்கள். அவற்றில் இரண்டு வெற்றி என்றுகூடக் கணக்கு வரும். சேர்த்துப் படித்தால் ஒரே கேள்வி: கரணை எங்கே கிடைக்கும், என்ன விலை? அதற்குப் பதில் சொல்லும் பக்கம் தளத்தில் இல்லை. விடுபட்ட உள்ளடக்கம் என்பது இதுதான். அது பூஜ்யப் பட்டியலின் உச்சியில் இருப்பதில்லை, ஒரு தொடரின் வாலில் இருக்கிறது.

தொடரைப் பிரிக்கும்போது சில குப்பைகளை முதலில் கழிக்க வேண்டும். எழுத்தெழுத்தாகத் தேடும் பெட்டியானால் ‘நே’, ‘நேப்’, ‘நேப்பி’ என்று ஒரே தேடல் பல வரியாக விழுந்திருக்கும். கடைசியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ரோபோக்கள் தட்டியவை, அலுவலகத்துக்குள்ளிருந்து சோதனைக்குத் தட்டியவை இரண்டும் போக வேண்டும். ஊழியர்கள் ஆவணப் பெயரைச் சரியாகத் தட்டுவார்கள். அவர்களைக் கணக்கில் விட்டால் வெற்றி விகிதம் ஏறும், உண்மை இறங்கும்.

கழித்தபின் மிஞ்சும் தோல்விகளைப் பார்த்ததும் ‘இதற்கெல்லாம் கட்டுரை எழுதச் சொல்லலாம்’ என்று ஆசிரியர் குழுவுக்கு அனுப்பத் தோன்றும். அதற்கு முன் ஒவ்வொரு தோல்வியையும் கையால் மறுபடி தேடிப் பார்க்க வேண்டும், இம்முறை தளத்தின் மொழியில். பலவற்றில் பொருள் இருக்கும், பெயர்தான் வேறாக இருக்கும். நிலக்கடலை என்று தளம் எழுதியிருக்கும். கொங்கில் கடலைக்காய் என்று தட்டுவார்கள், வட மாவட்டத்தில் மல்லாட்டை, கடைக்காரருக்கு வேர்க்கடலை. கேழ்வரகு என்று தளம் எழுதியிருக்கும், ஈரோட்டிலிருந்து தேடுபவருக்கு அது ராகி. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்கள் இவை ஒவ்வொன்றையும் தங்கள் காதுக்குப் பட்டபடி எழுதுவார்கள்.

இது நம் மொழிக்கு மட்டும் உரிய நோயல்ல. 1987இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பொருளைச் சுட்ட இரண்டு பேர் தன்னிச்சையாக ஒரே சொல்லைத் தேர்வதற்கான வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டார்கள். மிகச் சிறந்த ஒற்றைப் பெயரைத் தேடிப் பயனில்லை, மக்கள் சொல்லும் பெயர்கள் அத்தனையையும் மாற்றுப் பெயராக ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. கணினியிடம் பேச மக்கள் தேரும் சொற்களைப் பற்றிய ஆய்வு அது. கடலைக்காய்க்கும் அப்படியே பொருந்துகிறது.

பெயர் பொருந்தியும் பக்கம் உதவாத இடங்கள் உண்டு. கோ 4 புல்லுக்கு 60க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளி, ஹெக்டேருக்கு 33,333 கரணை என்பது பரிந்துரை. தேடுபவர் தட்டுவது ‘ஏக்கருக்கு எத்தனை கரணை’. பக்கத்தில் ஏக்கர் என்ற சொல்லே இல்லையென்றால், எல்லாச் சொல்லும் இருந்தாக வேண்டும் என்ற விதியுள்ள தேடலில் அது தோற்றுப்போகும். ஏறத்தாழ 13,500 என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் தேடலும் ஜெயிக்கும், அவருடைய கணக்கும் முடியும். ஆராய்ச்சி நிலையம் ஹெக்டேரில் யோசிக்கிறது, நிலம் ஏக்கரிலும் சென்ட்டிலும் இருக்கிறது. இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியது எந்தக் கருத்துக்கேட்புப் படிவமும் அல்ல, பூஜ்யம் வந்த ஒரு தேடல்.

இன்னும் சிக்கலானது, பெயரே இல்லாமல் வரும் கேள்வி. 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைச் சுருளாக முட்டை, அது சுரக்கும் தேன்போன்ற பிசின் கீழே ஓலையில் வழிந்து, அதன்மேல் கரும்பூசணம். தோப்புக்காரர் முதலில் பார்ப்பது ஈயை அல்ல, கறுத்த ஓலையை. பூச்சிக்குத் தமிழ்ப் பெயர் பரவுவதற்கு முன்னால் ஒருவர் தட்டக்கூடியது ‘தென்னை ஓலை கருப்பு’ என்பதுதான். புதிதாக ஒன்று ஒரு வட்டாரத்துக்குள் வரும்போது அது பெயரோடு வருவதில்லை, அறிகுறியாக வருகிறது. பெயர்களை மட்டும் எண்ணும் பட்டியலில் அது அடியில், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தட்டிய உதிரிகளாகச் சிதறிக் கிடக்கும். உச்சியில் இருக்கும் ஐம்பது தேடல்களைப் படித்துவிட்டு மூடிவிடுபவருக்கு அது தெரியாது. பயிர்வாரியாகப் பிரித்து, தென்னை என்ற சொல் உள்ள எல்லாத் தோல்விகளையும் ஒன்றாகப் போட்டுப் படித்தால் ‘கருப்பு’, ‘கரி’, ‘பிசுபிசு’, ‘வெள்ளைப் பொடி’ என்று ஓர் உருவம் திரளும்.

பெயர் தெரிந்த பிறகு வரும் சிக்கல், தளம் வேண்டுமென்றே தவிர்த்த சொல். அப்போது எல்லோரும் கேட்பது ‘தென்னை வெள்ளை ஈ மருந்து’. வல்லுநர் எழுதிய பக்கத்தில் ‘மேலாண்மை’ என்று இருக்கும். மருந்து என்ற சொல் இருக்காது. இருக்காததற்குக் காரணம் உண்டு. பூச்சிக்கொல்லி அடித்தால் அந்த ஈயைத் தின்று வளரும் என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியும் சாகும். எனவே தண்ணீரைப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், மருந்தைத் தவிருங்கள் என்பது அறிவுரை. பரிந்துரைக்காத ஒன்றின் பெயரை எதற்கு எழுதுவது என்று எழுதியவர் நினைத்திருப்பார். விளைவு, மருந்து வேண்டும் என்று வந்தவருக்குத் தளம் பூஜ்யத்தைக் காட்டியது, மருந்துக் கடை ஒரு டப்பாவைக் காட்டியது. ‘வெள்ளை ஈக்கு என்ன மருந்து அடிக்கலாம்?’ என்றே ஒரு பத்தித் தலைப்புப் போட்டு, அதன் கீழ் ஏன் அடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் அவர் உள்ளே வந்திருப்பார். கேட்பவரின் சொல்லைப் பக்கத்தில் வைப்பது அவர் கேட்டதை ஒப்புக்கொள்வதாகாது. மறுப்பதற்கும் அந்தச் சொல் வேண்டியிருக்கிறது.

விவசாயிகளின் கேள்விகளைப் பதிந்துவைத்த ஒரு பெரிய ஏடு பொதுவெளியிலேயே இருக்கிறது. 2004 ஜனவரி 21இல் தொடங்கிய கிசான் கால் சென்டருக்கு வரும் அழைப்புகளை மத்திய அரசு தன் திறந்த தரவுத் தளத்தில் வெளியிடுகிறது. மாவட்டம், வட்டாரம், பயிர், கேள்வி, பதில், நாள் எல்லாம் நிரலாக இருக்கும். எந்தப் பருவத்தில் எந்த வட்டாரத்தில் எந்தப் பயிருக்குக் கவலை என்பதை அறிய அதைவிடப் பெரிய திரட்டு கிடைப்பது கடினம். ஆனால் கேள்வி என்ற நிரலில் இருப்பது பேசியவர் சொன்னதல்ல. எதிர்முனையில் கேட்டவர் தனக்குப் புரிந்ததைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதியது. கடலைக்காய் அங்கே நிலக்கடலையின் ஆங்கிலப் பெயராகிவிட்டது, கறுத்த ஓலை ஏதோ ஒரு நோய் மேலாண்மையாகிவிட்டது. என்ன கேட்டார்கள் என்பது மிஞ்சும், எப்படிக் கேட்டார்கள் என்பது போய்விடும். தேடல் பெட்டியின் பதிவு அளவில் மிகச் சிறியதுதான். அதில் இடையே எவரும் இல்லை என்பதால், பிழையோடும் வட்டார வழக்கோடும் ஆளுடைய சொல்லே அப்படியே விழுகிறது.

விழுவது நெடுநாள் இருப்பதில்லை. உபுண்டு சர்வரில் என்ஜின்எக்ஸ் பதிவேடு இயல்பாக 14 நாளில் அழிந்துபோகும். கூகுள் அனலிடிக்ஸின் நுண்தரவு இயல்பாக இரண்டு மாதம். கடைக்கு இது போதும், வேளாண்மைக்குப் போதாது. ஆடிப் பட்டத்துக் கேள்வியை ஐப்பசியோடு ஒப்பிட்டு ஒன்றும் தெரியாது. சென்ற ஆண்டு ஆடியோடுதான் ஒப்பிட வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை தேடல் சொல், முடிவின் எண்ணிக்கை, எத்தனை முறை தேடினார்கள் என்ற கூட்டுத்தொகை ஆகியவற்றை மட்டும் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிட்டு, ஐபி முகவரியுள்ள மூலத்தை அழியவிடுவது நல்லது.

மூலத்தை வைத்திருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஏறத்தாழ ஆறரை லட்சம் பயனாளர்களின் இரண்டு கோடித் தேடல்களைப் பெயர் நீக்கி, வெறும் எண்ணிட்டு ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. சில நாட்களிலேயே ஒரு நாளிதழ் அதில் ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியை வீடு தேடிச் சென்று கண்டுபிடித்துவிட்டது. அவர் தேடிய ஊர், குடும்பப் பெயர், உடல் உபாதை எல்லாம் சேர்ந்து முகவரியாகிவிட்டன. வேளாண் தளத்தில் என்ன இரகசியம் இருக்கப்போகிறது என்று கேட்கலாம். தேடல் பெட்டியை விண்ணப்பப் படிவமாக நினைத்துக் கைப்பேசி எண்ணையும் ஆதார் எண்ணையும் தட்டுபவர்கள் எல்லாத் தளத்திலும் இருக்கிறார்கள். ஆறு இலக்கத்துக்கு மேற்பட்ட எண் வரிசையை எண்ணுவதற்கு முன்பே மறைத்துவிட வேண்டும். கோ 86032 ஐந்து இலக்கம்தான், தப்பிக்கும்.

இந்தப் பதிவேடு எல்லாருடைய குரலும் அல்ல. பெரும்பாலானவர்கள் கூகுளில் தேடி நேரே உள்பக்கத்தில் இறங்குபவர்கள், அவர்கள் பெட்டியைத் தொடுவதில்லை. தட்டத் தெரியாதவர், பேரனிடம் கேட்பவர், யூடியூபில் பார்ப்பவர் யாரும் இதில் இல்லை. ஒரு கேள்வி இங்கே குறைவாக இருப்பதால் அது ஊரில் குறைவு என்று சொல்ல முடியாது. இருப்பதைப் பற்றித்தான் இது சாட்சி சொல்லும், இல்லாததைப் பற்றிச் சொல்லாது.

கடைசியில் வேலை ஒரு மாற்றுப் பெயர்ப் பட்டியலில் வந்து நிற்கிறது. இடப்புறம் மக்கள் தட்டிய சொற்கள், வலப்புறம் தளத்தின் பக்கம். கோ4, கோ-4, கோ 4 புல், நேபியர், மாட்டுப் புல் எல்லாம் `CO (CN) 4` பக்கத்துக்கு. ஒரு பிற்பகலில் ஒரு நிரலாளர் முடித்துவிடக்கூடிய வேலைபோலத் தெரியும். அதே தொடர்களில் ‘சூப்பர் நேப்பியர்’ என்ற சொல்லும் அடிக்கடி வரும். பூஜ்யத்தைக் குறைக்கும் உற்சாகத்தில் அதையும் கோ 4க்குத் திருப்பிவிடுவது எளிது. ஆனால் சூப்பர் நேப்பியர் என்று சந்தையில் சொல்வது தாய்லாந்தில் உருவான பாக்சோங் என்ற வேறு புல். திருப்பிவிட்டால் பட்டியலில் ஒரு தோல்வி குறையும். தேடியவர் ஒரு புல்லின் இடைவெளியையும் அறுவடை நாளையும் படித்துவிட்டு இன்னொரு புல்லை நடுவார். அவருக்கு வேண்டியது திருப்பம் அல்ல. இரண்டும் வேறு என்று சொல்லும் ஒரு புதிய பக்கம். எந்தச் சொல் மாற்றுப் பெயர், எந்தச் சொல் வேறு பொருள் என்பதைப் பதிவேடு சொல்லாது; இரண்டும் அதில் ஒரே மாதிரிப் பூஜ்யமாகத்தான் இருக்கும். அதனால் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் பயிர் தெரிந்த ஒருவரின் கையெழுத்து இருக்க வேண்டும். தோல்விகளின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை வைத்து இந்த வேலையை அளக்கும் தளம், அந்தக் கையெழுத்துக்குக் காத்திராது.